"என் அனுபவத்துல சொல்றேன்" என்று ஆரம்பிக்கும் பதிவுகளை எப்படி எழுதணும், எப்படி நம்பணும்

கொஞ்சம் நீளமான இழை இது. டீயோ மோரோ கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகப் படிங்க.

எங்க அவலூர்பேட்டை பக்கம் இருந்து ஒரு தம்பி ஒரு ஃபார்வர்டு அனுப்பியிருந்தார். ஒரு நாட்டு வைத்தியர் எழுதியதாம். சாரம் இதுதான்: "40 வருஷமா பாம்புக்கடிக்கு சிறியாநங்கை இலை அரைச்சுக் கொடுக்கறேன். என்கிட்ட வந்து போனவங்க எல்லாரும் நல்லா இருக்காங்க. இது என் சொந்த அனுபவம். ஊசிக்கு ஓடாதீங்க."

கீழே தம்பியின் கேள்வி: "சார், இவர் பொய் சொல்றாரா? எங்க தாத்தாவுக்கும் இப்படித்தான் சரியாச்சு."

என் பதில்: அவர் பொய் சொல்லலை. தாத்தாவும் பொய் சொல்லலை. ஆனாலும் அந்தப் பதிவை நம்பக்கூடாது.

இது எப்படி சாத்தியம்? உண்மையைச் சொல்ற ஒருத்தரோட அனுபவம் எப்படி ஆளைக் கொல்லும்? அதைத்தான் இன்னிக்குப் பார்க்கப் போறோம். உடம்பைப் பற்றியும் பணத்தைப் பற்றியும் நாம எல்லாருமே எழுதுறோம். வாட்ஸ்அப்ல, இங்கே, குடும்பக் குழுவுல. "எனக்கு இது கேட்டுச்சு", "நான் இதுல போட்டேன், நல்ல லாபம்". அதனால இது வைத்தியருக்கான பதிவு மட்டும் இல்லீங்க. உங்களுக்கும் எனக்கும் சேர்த்துத்தான்.

முதல்ல அந்த வைத்தியரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

செஞ்சி, மேல்மலையனூர், திருவண்ணாமலை சுற்றுவட்டாரத்தில் மல்லாட்டைக் கொல்லை, நெல் வயல், வரப்பு, வைக்கோல் போர், பாறைச் சந்து என்று பாம்பு இல்லாத இடமே கிடையாது. ஆனால் எல்லாப் பாம்பும் விஷப்பாம்பு இல்லை. சாரை, தண்ணீர்ப்பாம்பு, பச்சைப்பாம்பு, கொம்பேறி மூக்கன் எல்லாம் கடித்தாலும் ஆள் சாகமாட்டார். நம்ம ஊரில் உயிரை எடுப்பவை பெரும்பாலும் நாலு: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன்.

இந்த நாலும்கூட கடிக்கும் ஒவ்வொரு முறையும் விஷத்தை இறக்குவதில்லை. பல் பதியும், விஷம் இறங்காது. இதை "உலர் கடி" என்று சொல்வோம். கடித்தது நல்லபாம்புதான், கண்ணால் பார்த்தோம், ஆனால் ஆளுக்கு ஒண்ணும் ஆகலை என்பது மருத்துவத்தில் சாதாரணமாக நடக்கும் விஷயம்.

இப்போ 100 பேர் அந்த வைத்தியரிடம் போனதாக வைத்துக்கொள்வோம். கீழே வரும் எண்கள் புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை, எந்த ஆய்விலிருந்தும் எடுத்தது இல்லை.

100 பேரில் 70 பேரைக் கடித்தது விஷமில்லாத பாம்பு. மீதி 30 பேரைக் கடித்தது விஷப்பாம்பு. அதில் 10 பேருக்கு உலர் கடி. ஆக, உண்மையிலேயே விஷம் ஏறியவர்கள் 20 பேர்.

முதல் 80 பேருக்கும் இலை கொடுத்தாலும் பிழைப்பார்கள், வெறும் தண்ணீர் கொடுத்தாலும் பிழைப்பார்கள். ஒன்றுமே கொடுக்காமல் திண்ணையில் உட்கார வைத்தாலும் பிழைப்பார்கள். ஆனால் அவர்கள் மறுநாள் தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து வைத்தியருக்கு நன்றி சொல்ல வருவார்கள். அந்த நன்றியும் உண்மை, அந்த அனுபவமும் உண்மை.

மீதி 20 பேருக்கு என்ன ஆகும்? கால் வீங்குது, ஈறில் ரத்தம் கசியுது, கண் இமை சொருகுது. வீட்டுக்காரங்க பயந்துபோய் 16 பேரை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறாங்க. மீதி 4 பேர் வீட்டிலேயே இருக்காங்க. அதில் சிலர் இறந்து போறாங்க. அந்த வீட்டிலிருந்து யாரும் வைத்தியரைத் தேடிப் போய் "எங்க ஆள் செத்துட்டார்" என்று சொல்லிக்கொண்டிருக்க மாட்டாங்க. "நேரம் சரியில்லை" என்று காரியத்தை முடிச்சுடுவாங்க.

இப்போ ஆஸ்பத்திரிக்குப் போன 16 பேரைப் பாருங்க. நேரம் கழிச்சுப் போனதால அதில் ரெண்டு மூணு பேர் அங்கே இறந்துடறாங்க. ஊருக்குள் என்ன பேச்சு வரும்? "வைத்தியர்கிட்ட போனப்போ உயிரோடதான் இருந்தார், ஆஸ்பத்திரிக்குப் போனதும் போயிட்டார்."

கவனிச்சீங்களா? பிழைத்த 80 பேரும் வைத்தியர் கணக்கில். தாமதத்தால் இறந்தவர்கள் ஆஸ்பத்திரி கணக்கில். யாரும் பொய் சொல்லலை. கணக்கு மட்டும் தலைகீழாகிவிட்டது.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கு. அதையும் நேர்மையா சொல்லணும். ஒரு மருத்துவராக என் அனுபவமும் முழுமையானது இல்லை. ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் எனக்கு, வந்து சேர்ந்தவர்களை மட்டும்தான் தெரியும். கடிபட்டு, பயந்து, ஒண்ணும் ஆகாமல் வீட்டிலேயே தூங்கி எழுந்தவரை எனக்குத் தெரியாது. வழியிலேயே இறந்தவரையும் எனக்குத் தெரியாது. வைத்தியரின் திண்ணையிலிருந்து பார்த்தால் பாம்புக்கடி சின்ன விஷயம். என் வார்டிலிருந்து பார்த்தால் எல்லாக் கடியும் பயங்கரம். ரெண்டு பேரும் ஒரே யானையின் ரெண்டு பக்கத்தைத் தடவிக்கொண்டிருக்கிறோம்.

அப்போ விடுபட்டவங்களை யார் எண்ணுறது?

அதற்கு ஒரு அருமையான உதாரணம் நம்ம நாட்டிலேயே நடந்திருக்கு. ஆஸ்பத்திரிப் பதிவேட்டை வைத்துப் பார்த்தால் இந்தியாவில் பாம்புக்கடி மரணம் வருஷத்துக்குச் சில ஆயிரம்தான் என்று ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். "மில்லியன் டெத் ஸ்டடி" என்ற பெரிய ஆய்வில் ஆட்களை வீடு வீடாக அனுப்பினார்கள். "உங்க வீட்டில் யாராவது இறந்தாங்களா? எப்படி இறந்தாங்க? கடைசி நாட்களில் என்ன அறிகுறி இருந்தது?" என்று கேட்டு எழுதி வாங்கினார்கள். அதை மருத்துவர்கள் தனித்தனியாகப் படித்து காரணத்தை முடிவு செய்தார்கள்.

2011ல் வெளியான அந்த முடிவின்படி, வருஷத்துக்கு சுமார் 46,000 பேர் பாம்புக்கடியால் இறக்கிறார்கள். அதில் முக்கால்வாசிப் பேர் இறந்தது ஆஸ்பத்திரிக்கு வெளியே. 2020ல் வந்த அடுத்த கணக்கு, 2000 முதல் 2019 வரை சராசரியாக வருஷத்துக்கு 58,000 மரணம் என்று சொன்னது.

அதாவது, அதுவரை பதிவேடு பொய் சொல்லலை. பதிவேட்டுக்கு வராதவங்களை அது எண்ணலை, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் 2024 நவம்பரில்தான் பாம்புக்கடியை கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அரசு அறிவித்தது. இனி தனியார் ஆஸ்பத்திரியும் தன்னிடம் வரும் பாம்புக்கடியைச் சொல்லியாகணும்.

ஆகவே நண்பர்களே, அனுபவத்தை எழுதும்போது முதல் கேள்வி "இது உண்மையா?" என்பதில்லை. "என் கண்ணுக்கு வராமல் போனவர்கள் யார்?" என்பதுதான். அந்த ஒரு வரியை எழுதிவிட்டாலே உங்க பதிவு பாதி நம்பகமாகிவிடும். "என்னிடம் திரும்பி வந்தவர்களை வைத்துச் சொல்கிறேன், வராதவர்கள் என்ன ஆனார்கள் என்று விசாரிக்கவில்லை" என்று அந்த வைத்தியர் எழுதியிருந்தால், படிக்கிற தம்பிக்கே மீதி புரிந்திருக்கும்.

சரி, அடுத்தது. எவ்வளவு நேரம் பார்த்தோம் என்பது.

1957 செப்டம்பரில் அமெரிக்காவின் சிகாகோவில் கார்ல் ஷ்மிட் என்று ஒரு பாம்பு நிபுணர் இருந்தார். அடையாளம் காண்பதற்காக அவரிடம் ஒரு ஆப்பிரிக்கப் பாம்பு வந்தது. பூம்ஸ்லாங் என்ற மரப்பாம்பு, அதுவும் குட்டி. கையில் எடுத்தபோது கட்டைவிரலில் கடித்துவிட்டது. அவர் ஆஸ்பத்திரிக்குப் போகலை. ரயிலேறி வீட்டுக்குப் போய், தனக்கு என்ன ஆகிறது என்று மணி போட்டு எழுத ஆரம்பித்தார். குமட்டல் எப்போது, குளிர்ந்து நடுங்கியது எப்போது, ஈறில் ரத்தம் எப்போது, சிறுநீரில் ரத்தம் எப்போது, என்ன சாப்பிட்டேன் என்று எல்லாம்.

மறுநாள் காலையில் கொஞ்சம் தெம்பா இருந்தது. காலைச் சாப்பாடு சாப்பிட்டார். மதியத்துக்கு மேல் இறந்துபோனார். கடித்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது.

இந்தக் குறிப்பு இன்று வரை மருத்துவர்களுக்குப் பயன்படுது. காரணம் அவர் நிபுணர் என்பது இல்லை. நிபுணராக அவர் நினைத்தது, "குட்டிப் பாம்பு, ஒண்ணும் ஆகாது" என்பது. அது தப்பாய்ப் போச்சு. ஆனால் கண்ணால் கண்டதை மணியோடு தனியாக எழுதினாரே, அது சரியாக நின்றது. அவர் காலை எட்டு மணிக்கு ஒரு பதிவு போட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும்? "பூம்ஸ்லாங் கடித்தது, வைத்தியம் பார்க்கலை, இன்று நலம்." அந்த நேரத்தில் அது நூற்றுக்கு நூறு உண்மையான சொந்த அனுபவம்!

அதனால "இது குடிச்சேன், சுகர் குறைஞ்சது" என்று எழுதும்போது ரெண்டு தேதி போடுங்க. எப்போ ஆரம்பிச்சீங்க, கடைசியாக எப்போ பார்த்தீங்க. மூணு நாள் கதையை மூணு நாள் கதை என்றே எழுதுங்க. வேற என்ன மாத்திரை கூடவே போய்க்கிட்டிருந்தது என்பதையும் எழுதுங்க. மெட்ஃபார்மின் போட்டுக்கொண்டே ஆவாரம்பூ கஷாயம் குடித்தவர், கஷாயத்தை மட்டும் எழுதினால், அதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்துபவர் யாரோ ஒருத்தர் இருப்பார்.

மூணாவது, ஷ்மிட்டிடம் இருந்து கற்க வேண்டிய இன்னொரு விஷயம். பார்த்தது வேற, செய்தது வேற, அதிலிருந்து நான் நினைப்பது வேற. மூணையும் கலக்காம எழுதணும்.

ஒரு உதாரணத்தோட சொல்றேன். இது ஒரு குறிப்பிட்ட நோயாளியின் கதை இல்லை. கட்டுவிரியன் கடியில் திரும்பத் திரும்ப வரும் அறிகுறிகளைச் சேர்த்து, விளக்கத்துக்காக நானே அமைத்தது. இப்படி அமைத்துச் சொன்னால் அதைச் சொல்லிவிடணும், அதுவும் நேர்மையில் ஒரு பகுதி.

ஒரு மருத்துவர் இப்படி எழுதுறார்னு வைங்க:

"25 வருட அனுபவத்தில் எத்தனையோ பாம்புக்கடி பார்த்தவன் நான். விடிகாலையில் ஒருவர் வயிற்றுவலி என்று வந்தார். பார்த்த உடனேயே பாம்புக்கடி என்று கண்டுபிடித்துக் காப்பாற்றினேன்."

படிக்க சுவாரசியமா இருக்கும். கை தட்டலும் விழும். ஆனா படிச்சவருக்கு எதுவும் கிடைக்கலை. அதே விஷயத்தை இப்படி எழுதலாம்:

"நான் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் வேலை பார்க்கும் மருத்துவர். நரம்பியல் நிபுணர் இல்லை. ஒருவர் இரவு தரையில் பாய் போட்டுத் தூங்கியிருக்கிறார். விடிகாலை மூணு மணிக்குக் கடுமையான வயிற்றுவலி. கடித்ததாக அவருக்குத் தெரியாது. உடம்பில் பல் தடம் எதுவும் கிடைக்கலை. ஐந்து மணிக்கு இமை ரெண்டும் கீழே இறங்க ஆரம்பித்தது, எச்சில் விழுங்க சிரமப்பட்டார். 20 நிமிட ரத்த உறைவு சோதனையில் ரத்தம் சாதாரணமாக உறைந்தது. கட்டுவிரியன் விஷம் நரம்பைத்தான் தாக்கும், ரத்தம் உறைவதைத் தடுக்காது. அதனால் அந்தச் சோதனை சரியாக இருப்பது கட்டுவிரியன் இல்லை என்று காட்டாது. பாம்பை யாரும் பார்க்கலை. அறிகுறிகளை வைத்து கட்டுவிரியன் என்று நாங்கள் கருதினோம். விஷமுறிவு மருந்து 10 குப்பி ஏற்றினோம். மூச்சு பலவீனமானதால் செயற்கை சுவாசத்தில் வைத்தோம். நாலாம் நாள் தானாக மூச்சு விட்டார்."

ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு பாருங்க. ரெண்டாவதில் எழுதியவர் தன் எல்லையை முதல் ரெண்டு வரியிலேயே சொல்லிவிட்டார். எது கண்ணால் கண்டது, எது சோதனையில் வந்தது, எது ஊகம் என்று பிரிந்து நிற்குது. "பாம்பை யாரும் பார்க்கலை" என்ற வரி அவருடைய பெருமையைக் குறைக்குது. ஆனா அந்த வரியாலதான் மற்ற எல்லா வரியையும் நம்பத் தோணுது. தனக்குச் சாதகமில்லாத தகவலை ஒருத்தர் தானே முன்வந்து சொல்றார் என்றால், மற்றதையும் மறைக்கலை என்று நம்ப ஒரு காரணம் கிடைக்குது.

இன்னொரு அடையாளமும் உண்டு. நேரில் செய்தவருக்குத்தான் ஒரு வேலை எங்கே சொதப்பும் என்று தெரியும். அந்த 20 நிமிட சோதனையையே எடுத்துக்குவோம். புத்தகத்தில் இருப்பது: 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசையாமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்க்கணும். ரத்தம் ஓடினால் விஷத்தால் உறையும் தன்மை போயிருக்கு என்று அர்த்தம். எங்கிருந்தோ எடுத்து ஒட்டுபவர் இத்தோடு நிறுத்திடுவார்.

செய்து பார்த்தவர் மேலே சொல்வார்: பிளாஸ்டிக் குழாயில் செய்யாதீங்க, ரத்தம் சரியா உறையாது. சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயும் ஆகாது, அதிலும் உறையாமல் போய், விஷமே ஏறாதவருக்கு விஷம் ஏறினதா காட்டிடும். இடையில் ஆர்வக்கோளாறில் குழாயை ஆட்டிப் பார்க்கக்கூடாது. முதல் சோதனை சரியாக வந்துவிட்டது என்று வீட்டுக்கும் அனுப்பக்கூடாது, 24 மணி நேரம் வைத்துப் பார்க்கணும், சோதனையைத் திரும்பச் செய்யணும்.

"எனக்கு 25 வருட அனுபவம்" என்று எழுதத் தேவையே இல்லை. சோப்புத்தூள் விஷயத்தை எழுதினாலே போதும், நீங்க அந்த அறையில் நின்றவர் என்பது தெரிந்துவிடும். நீங்க எழுதுறது சிசேரியனுக்குப் பிறகான தையல் பற்றியோ, வீட்டுக்கடன் வாங்கிய கதையோ, எதுவாக இருந்தாலும் சரி. எங்கே வழுக்கும் என்று எழுதுங்க.

இதோட ஒரு எச்சரிக்கை. நேரடி அனுபவத்தைக் காட்டுகிறேன் என்று நோயாளியைக் காட்டிவிடக்கூடாது. பெயரை மாற்றிவிட்டேன் என்பது சென்னைக்கு வேணும்னா போதும். நம்ம மாதிரி ஊரில் "சந்தைப்பக்கம் பூக்கடை வைத்திருக்கும் 45 வயது அம்மா, போன வாரம்" என்று எழுதினால் மொத்த ஊருக்கும் ஆள் தெரிந்துவிடும். ஊர், தொழில், வயது, தேதி, இந்த நாலில் ரெண்டு ஒன்றாக வந்தாலே ஆபத்து. மருத்துவத்துக்கு எது முக்கியமோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்க. எடுக்க முடியாத அளவுக்கு அபூர்வமான கதை என்றால், அவரிடம் எழுதியதைப் படித்துக் காட்டி சம்மதம் வாங்கணும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும்போது கேட்கும் சம்மதம் சம்மதம் இல்லை. வீட்டுக்குப் போய், "வேண்டாம் சார்" என்று சொல்லும் தைரியம் வந்த பிறகு கேட்கணும்.

இப்போ பணத்துக்கு வருவோம். உடம்பு விஷயத்தில் சொன்ன அதே கணக்கு இங்கேயும் அப்படியே பொருந்தும்.

ஆருத்ரா கோல்டு விவகாரம் நம்ம பக்கத்தில் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மாதத்துக்கு 25 முதல் 30 சதவீதம் வட்டி என்று சொல்லிப் பணம் வாங்கினாங்க. 2022 மே மாதம் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸ் சோதனை நடத்தியது. ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களிடம் சுமார் ரூ.2,438 கோடி வாங்கப்பட்டிருக்கு என்பது போலீஸ் தரப்புக் கணக்கு.

இத்தனை பேர் எப்படிப் போட்டாங்க? விளம்பரத்தைப் பார்த்துப் போட்டவங்களைவிட, பக்கத்து வீட்டுக்காரரின் அனுபவத்தைக் கேட்டுப் போட்டவங்கதான் இந்த மாதிரித் திட்டங்களில் அதிகம் என்பது என்னிடம் பேசியவர்களின் கதையிலிருந்து எனக்குத் தோன்றுவது. "நான் ஒரு லட்சம் போட்டேங்க, மூணு மாசமா வந்துகிட்டிருக்கு, இதோ பாங்க் மெசேஜ்."

அந்த மெசேஜ் உண்மை. வந்த பணமும் உண்மை. ஆனால் எங்கிருந்து வந்தது? மாதம் 30 சதவீதம் என்றால், ஒரு லட்சத்துக்கு மாதம் 30,000. புதுசா ஒருத்தர் ஒரு லட்சம் கட்டினால், அதை வைத்தே பழையவருக்கு மூணு மாதம் கொடுத்துவிட்டு இன்னும் 10,000 மிச்சம் இருக்கும். தொழில் எதுவுமே நடக்கத் தேவையில்லை. புது ஆள் வரும்வரை பழைய ஆளின் அனுபவம் அருமையாக இருக்கும்.

இங்கே ஒரு படி கூடுதல் ஆபத்து உண்டு. பாம்புக்கடியில் வைத்தியரின் அனுபவம் நோயாளியைத் தவறான இடத்துக்கு அனுப்புது. இந்தத் திட்டங்களிலோ, பழையவரின் அனுபவப் பகிர்வுதான் புது ஆளைக் கொண்டு வருது. அதாவது அவருடைய சாட்சிதான் அவருக்கு வரும் வட்டிக்கு முதல். ஆள் சேர்த்தால் கமிஷன் என்றும் இருந்துவிட்டால், அவரே அறியாமல் அவர் ஏஜென்ட் ஆகிவிடுகிறார்.

அதனால் பணத்தைப் பற்றி எழுதுபவர் கட்டாயம் சொல்ல வேண்டியவை மூணு. ஒன்று, கையில் வந்தது எவ்வளவு, போட்ட முதல் திரும்பி வந்துவிட்டதா. முதல் உள்ளே இருக்கும்வரை அது லாபக் கதை ஆகாது, பாதிக் கதைதான். ரெண்டு, நீங்கள் சொல்லி யாராவது சேர்ந்தால் உங்களுக்கு ஏதாவது கிடைக்குமா. மூணு, ஆலோசனை சொல்ல உங்களுக்குப் பதிவு உண்டா.

முதலீட்டு ஆலோசகர் என்றால் செபியில் பதிவு செய்திருக்கணும், பதிவு எண் INA என்று ஆரம்பிக்கும். செபியின் தளத்தில் அந்த எண்ணைப் போட்டு, பெயர் பொருந்துதா என்று நீங்களே பார்க்கலாம். மருத்துவர் என்றால் மாநில மருத்துவக் கவுன்சில் பதிவு எண். தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் தளத்தில் அதைத் தேடலாம். 2023 ஆகஸ்டில் விளம்பரத் தர மன்றமும், உடல்நலம், நிதி பற்றி விளம்பர நோக்கில் பேசும் பிரபலங்கள் தங்கள் தகுதியையும் பதிவையும் எல்லாருக்கும் தெரியும்படி சொல்லணும் என்று விதியைக் கொண்டு வந்தது.

ஆனா ஒண்ணு. பதிவு எண் இருந்தாலே நம்பலாம் என்று அர்த்தம் இல்லை. எண் சொல்வது, இவர் தப்பாச் சொன்னால் கேள்வி கேட்க ஒரு இடம் இருக்கு என்பதை மட்டும்தான். எம்.பி.பி.எஸ். படித்தவர் கிரிப்டோ பற்றிப் பேசினால் அந்த எண்ணுக்கு அங்கே வேலை இல்லை. எனக்கும் இது பொருந்தும்: மேலே பணத்தைப் பற்றி நான் சொன்னது பெருக்கல் கணக்கு மட்டும்தான், எதில் போடணும் என்ற ஆலோசனை இல்லை. இந்தப் பதிவுக்கு யாரிடமும் நான் காசு வாங்கலை, எந்த மருந்துக் கம்பெனிக்கும் இதில் பங்கு இல்லை.

இப்போ தம்பியின் தாத்தாவுக்கு வருவோம். அந்த அனுபவத்தை எழுதக்கூடாது என்று நான் சொல்லலை. எழுதலாம். இப்படி எழுதலாம்:

"எங்க தாத்தாவை வயலில் பாம்பு கடிச்சது. என்ன பாம்புன்னு தெரியாது. பச்சிலை கொடுத்தாங்க. வீக்கமோ ரத்தக் கசிவோ வரலை. மறுநாள் நல்லா இருந்தார். கடிச்சது விஷமில்லாத பாம்பா, விஷம் இறங்காத கடியா, பச்சிலை வேலை செஞ்சதா என்று எங்களுக்குத் தெரிய வழியில்லை. அதே ஊரில் பச்சிலை சாப்பிட்டு இறந்தவங்க உண்டா என்று நாங்க விசாரிக்கலை."

இதைப் படித்துவிட்டு யாரும் ஊசியைத் தவிர்க்க மாட்டாங்க. தாத்தாவின் மரியாதையும் குறையாது.

கடைசியா, பாம்புக்கடியைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு செய்ய வேண்டியதைச் சொல்லாமல் போகக்கூடாது. கடித்த இடத்தைக் கீறாதீங்க, வாயால் உறிஞ்சாதீங்க, கயிறு போட்டு இறுக்கிக் கட்டாதீங்க. மோதிரம், மெட்டி, கொலுசு, அரைஞாண் இறுகும் இடத்தில் இருந்தால் வீங்கும் முன்னே கழற்றிடுங்க. கடிபட்ட கை காலை அசைக்காமல், எலும்பு முறிந்தவருக்குச் செய்வதுபோல் கம்போ அட்டையோ வைத்துத் தளர்வாகக் கட்டுங்க. நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்க. 108க்குக் கூப்பிடுங்க, வண்டி வர நேரமாகும் என்றால் கிடைத்த வண்டியில் கிளம்புங்க. பாம்பைப் பிடிக்கவோ அடிக்கவோ நேரத்தை வீணாக்காதீங்க. தூரத்திலிருந்து போட்டோ எடுக்க முடிந்தால் எடுங்க, இல்லையென்றாலும் வைத்தியம் நிற்காது. விஷமுறிவு மருந்து அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். இரவு தரையில் படுத்தவர் விடிகாலையில் காரணமே இல்லாமல் வயிற்றுவலி, தொண்டை அடைப்பு, இமை இறக்கம் என்று சொன்னால், கடித்த தடம் தேடிக்கொண்டிருக்காமல் உடனே கூட்டிப் போங்க.

அந்த ஃபார்வர்டு உங்க குடும்பக் குழுவுக்கும் வந்திருந்தால், அனுப்பியவரைத் திட்டாதீங்க. "பெரியப்பா, திரும்பி வராதவங்களை யாராவது எண்ணினாங்களா?" என்று மட்டும் கேளுங்க. என்ன பதில் வருதுன்னு கீழே சொல்லுங்க.